ஸ்டெப் 150 வரைக்கும் ஏத்தியும் சரிகைக் கரை தெளியேல்ல. எங்க நிப்பாட்டுறது?

கொட்டாஞ்சேனைக்காரன்

எல்லாருக்கும் வணக்கம். புறக்கோட்டையில ஒரு பிரிண்டிங் கடையில டிசைன் வேலை பாக்கிறன். தீபாவளிக்கு ஒரு சாறிக் கடைக்காரருக்குப் பனர் செய்யிறம். ஒரு பொம்பிளை முழு உருவமா நிக்கிற படம், பட்டுச் சாறி, அகலமான சரிகைக் கரை, கரையில வரிசையா மயில். படத்தை AIயில எடுக்கிறன்: மொடல் SDXL, சைஸ் 832×1216, சாம்ப்ளர் `Euler a`, `CFG Scale` 7. கார்ட் 3060, 12 ஜீபி.

30 ஸ்டெப்பில முகம், மடிப்பு, வெளிச்சம் எல்லாம் நல்லா வருது. கரை மட்டும் கிட்டப் பாத்தா மயிலும் இல்லை, பூவும் இல்லை, மஞ்சள் கிறுக்கல். 60 வைச்சன், அப்பிடியே. கடைசியா ஸ்லைடர் போற மட்டும் இழுத்து 150 வைச்சன். 20 செக்கனில வாற படம் நூறு செக்கன் எடுத்தது, கிறுக்கல் கிறுக்கலாத்தான் கிடக்கு. முதலாளி கரண்ட் பில்லைப் பத்திக் கதைக்கத் தொடங்கிட்டார். ஸ்டெப் கூட்டினா டீடெயில் கூடும் எண்டுதானே எல்லாரும் சொல்லுறாங்கள்? எந்த நம்பரில நிப்பாட்டுறது?

ரிஸ்வி நானா

தம்பி, 25 போதும். அதுக்கு மேல போறது கரண்டுக்குக் கேடு. என்ட கடையில எல்லா வேலைக்கும் 25தான், ஒருத்தரும் குறை சொன்னதில்ல. `Euler a`வ விட்டுப்போட்டு `DPM++ SDE` எடுங்க. அதே 25 ஸ்டெப்புல டீடெயில் அள்ளிக் கொட்டும்.

ஹட்டன் செல்வா

எனக்கும் இதே பிரச்சின தாங்க. எங்க அக்கா பொண்ணு போட்டோ இருவது வச்சி ட்ரெயின் பண்ணேன். 1500 ஸ்டெப்ல மொகம் நல்லா வந்துச்சு. 4000 வச்சதும் எல்லாப் படத்துலயும் ஒரே சிரிப்பு, ஒரே சட்டை. ஸ்டெப் கூட்டுனா கெட்டுத்தாங்க போகும், கொறைங்க.

நிஷா (வெள்ளவத்தை)

செல்வா, நீங்க சொல்லுறது மொடலைப் பழக்கிற ஸ்டெப். அங்க கூட்டினா மொடலே மாறும், நீங்க குடுத்த படங்களையே மனப்பாடம் பண்ணிப்போடும். இவர் கேக்கிறது பழக்கி முடிஞ்ச மொடலிட்ட படம் எடுக்கேக்க வைக்கிற ஸ்டெப். இங்க எத்தினை வைச்சாலும் மொடல் அப்பிடியேதான் இருக்கும். பேர் ஒண்டு, விசயம் வேற.

கொட்டாஞ்சேனைத் தம்பி, ஒரு கேள்வி. ஒரே சீட்தானே வைச்சனீங்கள்? அப்பிடியெண்டா 150இல வந்தது 30இல வந்த படத்தின்ட தெளிஞ்ச வடிவமோ, இல்லாட்டி வேற படமோ?

கொட்டாஞ்சேனைக்காரன்

ஒரே சீட்தான் அக்கா. வேற படம். 30இல கை இடுப்பில, 150இல கை தொங்குது. கொண்டையும் மாறிட்டு. பின்னால நிண்ட குத்துவிளக்கு 60இல ரெண்டாகி, 150இல திரும்ப ஒண்டாகிட்டு.

நிஷா (வெள்ளவத்தை)

அதுதான் விசயம். உங்கட கேள்விக்குள்ள ரெண்டு பிரச்சினை ஒண்டா முடிஞ்சு கிடக்கு. முதலாவதைச் சொல்லுறன்.

சீட் தாறது ஒரு தொடக்க நொய்ஸ். அந்த நொய்ஸில நிண்டு கேட்டா, படம் எந்தப் பக்கம் இருக்கு எண்டு மொடல் ஒரு திசை சொல்லும். கொஞ்சத் தூரம் போய்த் திரும்பக் கேக்கிறம், திசை கொஞ்சம் மாறி இருக்கும். ஸ்டெப் எண்டுறது எத்தினை தரம் நிண்டு கேக்கிறம் எண்டது, அவ்வளவுதான். பாதை வளைவானது. சாம்ப்ளர் வைக்கிற ஒவ்வொரு எட்டும் நேர்கோடு. எட்டுப் பெரிசா இருந்தா வளைவை விட்டு விலகிப் போவம், சின்னனா இருந்தா ஒட்டிப் போவம். ஆனா பாதை முடியிற இடம் ஏற்கனவே தீர்மானம். சீட், புரொம்ட், `CFG Scale`, மொடல், இந்த நாலும் சேந்து அதை முடிவு பண்ணிட்டுது. ஸ்டெப்பைக் கூட்டினா அந்த இடத்துக்குக் கிட்டப் போகலாம். அதைத் தாண்டிப் போய்ப் புது டீடெயில் எடுத்து வர ஏலாது.

கிட்டப் போறதும் ஒரே வேகத்தில நடக்காது. சாதாரண `Euler`இல ஸ்டெப்பை ரெட்டிப்பாக்கினா மிச்சப் பிழை கிட்டத்தட்டப் பாதியாகும். `DPM++ 2M` முந்தின எட்டில மொடல் சொன்னதையும் ஞாபகம் வைச்சுக் கணக்குப் போடுறபடியால், அதில ரெட்டிப்பாக்கினா காலாகும். 10இல இருந்து 20 போகேக்க கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியும். 20இல இருந்து 40 போகேக்கப் பெரிசாக்கிப் பாத்தால்தான் தெரியும். 40இல இருந்து 80 போறதுக்கு 40 தரம் மொடலை மேலதிகமா ஓட்டி, மயிர் நுனியில ரெண்டு பிக்சல் நகரும்.

`Karras` ஷெடியூலில 10 ஸ்டெப் வைச்சா நொய்ஸ் அளவு இப்பிடி இறங்கும்:

```
14.6  9.1  5.5  3.2  1.8  0.91  0.45  0.20  0.08  0.03  0
```

ஆர் எங்க நிக்கிறது, கை எங்க, வெளிச்சம் எந்தப் பக்கம் எண்டது எல்லாம் 14.6இல இருந்து 2, 3 வரைக்கும் இறங்கேக்கத் தீர்ந்துபோகும். முகத்தின்ட சாயல், துணி மடிப்பு எல்லாம் 1ஐச் சுத்தி. கடைசி மூண்டு நாலு எட்டில விளிம்பும் பொடி அலங்காரமும். கவனிச்சுப் பாருங்கோ, இந்தப் பத்தில பாதி எட்டு 1க்குக் கீழ கிடக்கு. பொடி வேலைக்கு ஷெடியூல் ஏற்கனவே தாராளமா இடம் விட்டிருக்கு.

இப்ப உங்கட `Euler a`. அந்த `a` சும்மா இல்லை. அது கடைசி எட்டைத் தவிர ஒவ்வொரு எட்டிலயும் தேவைக்கு மேல நொய்ஸைக் கழிச்சுப்போட்டு, புதுசாக் கொஞ்சம் நொய்ஸ் தூவும். 30 ஸ்டெப்பில 29 தூவல், 150இல 149 தூவல், அதுவும் வேற வேற இடங்களில. அப்ப முடிவிடம் எண்டு ஒண்டே இல்லை. நீங்க ஸ்டெப்பைக் கூட்டேக்கச் சீட்டை மாத்தினது மாதிரித்தான் நடந்திருக்கு. விளக்கு ரெண்டாகி ஒண்டானது அதாலதான்.

ரிஸ்வி நானா

அப்ப நான் சொன்ன 25 சரிதானே? சுத்தி வளைச்சி அங்கதானே வந்து நிக்கிறீங்க.

நிஷா (வெள்ளவத்தை)

`DPM++ 2M`, `CFG Scale` 5, 6 எண்டா 25 நல்ல நம்பர்தான் நானா. `CFG Scale` 12க்கு ஏத்தினா பாதை இன்னும் கூர்மையா வளையும், அப்ப 25 போதாமப் போகலாம். தோலில திட்டுத் திட்டா நிறம் எரியிறதைப் பாத்தா நான் முதலில அந்த எண்ணைத்தான் குறைப்பன், பிறகுதான் ஸ்டெப்பில கை வைப்பன்.

`DPM++ SDE` விசயத்தில ஒரு கணக்கு விட்டுப்போச்சு. அது ஒரு ஸ்டெப்புக்கு மொடலை ரெண்டு தரம் ஓட்டும். `Heun`உம் அப்பிடி. அதில 25 எண்டா உண்மையில கிட்டத்தட்ட 50 தரம். `Euler a` 25ஓட பக்கத்தில வைச்சு அது நல்லா இருக்கு எண்டா, ரெட்டிக் கூலி குடுத்த வேலை நல்லா இருக்கு எண்டு சொல்லுறதுதான். ஓடுற நேரத்தைச் சமப்படுத்தி ஒருக்காப் பாருங்கோ. அதோட `SDE`யும் நொய்ஸ் தூவுற சாதி. ஸ்டெப் மாறினா படமும் மாறும்.

ரிஸ்வி நானா

அதுதான் அந்த சாம்ப்ளர் மெதுவா ஓடுறதா? நான் கார்ட் சூடேறிட்டு எண்டு நினைச்சி ஃபேன் மாத்தினேன் 😀

தர்ஷி

இழைக்கு இடையில வாறதுக்கு மன்னிக்கோணும். அம்மம்மான்ட பழைய கலியாணப் போட்டோ ஒண்டைத் துலக்கிறன், `img2img`இல. ஸ்டெப் 30, `Denoising strength` 0.3. ஓடேக்கப் பாத்தா 30 எண்டு காட்டாமல் ஒன்பது பத்தோட முடிஞ்சிடுது. என்ட இன்ஸ்டலேசன் பழுதோ?

நிஷா (வெள்ளவத்தை)

பழுதில்லை. 0.3 எண்டா பாதையின்ட கடைசி 30 வீதத்தில இருந்துதான் தொடங்குது. அதால 30இல சுமார் 9 எட்டுத்தான் ஓடும். எட்டின்ட நீளம் அதேதான், ஆகவே அந்த 9 குறைவில்லை. எழுதின எண்ணிக்கை முழுசா ஓடோணும் எண்டா செட்டிங்ஸில `With img2img, do exactly the amount of steps the slider specifies` எண்டு ஒண்டு இருக்கு. அதைப் போட்டா அந்தச் சின்னத் துண்டையே 30ஆ வெட்டும். பெரிய மாற்றம் தெரியாது. 0.1, 0.15 எண்டு கீழ வைக்கிறனீங்கள் எண்டா மட்டும் ஸ்டெப்பை ஏத்துங்கோ, இல்லாட்டி மூண்டு நாலு எட்டோட முடிஞ்சிடும்.

முகம் அம்மம்மான்ட முகமாவே இருக்கோணும் எண்டா ஸ்டெப்பில கை வைக்க வேண்டாம். 0.3ஐத் தாண்டாமல் பாத்துக்கொள்ளுங்கோ.

மௌனசாட்சி

நிஷா சொல்வதில் பாதியை ஏற்கிறேன். `Euler a` எங்கும் போய்ச் சேராது என்பது சரி. ஆனால் போய்ச் சேருவது ஏன் நல்லது? 40 ஸ்டெப்பில் `DPM++ 2M` தரும் தோல் மெழுகு பூசியதுபோல் இருக்கிறது. தூவுகிற நொய்ஸ், முந்தின எட்டுகளில் விட்ட பிழையையும் சேர்த்துக் கழுவிவிடுகிறது. முகத்துக்கு நான் `Euler a` 28தான்.

நிஷா (வெள்ளவத்தை)

நொய்ஸ் தூவினா முந்தின பிழை கொஞ்சம் கழுவுப்படும் எண்டது உண்மை. அதை மறுக்கேல்ல. தோல் அதால நல்லா வருதோ, உங்களுக்குப் பிடிச்ச சீட் அதில விழுந்துதோ எண்டதுதான் எனக்குச் சந்தேகம். பிறகு கதைப்பம், முதல் தம்பியின்ட கரையை முடிப்பம்.

தம்பி, `X/Y/Z plot`இல `Steps` எண்டு எடுத்து `10,20,40,80` போடுங்கோ. ஒரே சீட். ஒரு தரம் `Euler a`, ஒரு தரம் `DPM++ 2M` + `Karras`. பிறகு பக்கத்துப் பக்கத்துப் படங்கள் ரெண்டை ஜிம்ப்பில ஒண்டுக்கு மேல ஒண்டு வைச்சு, மேல் லேயரை `Difference` ஆக்குங்கோ. மாறாத இடம் கறுப்பாத் தெரியும்.

கொட்டாஞ்சேனைக்காரன்

செய்தன் அக்கா.

`Euler a`: 10–20, 20–40, 40–80 மூண்டு சோடியிலயும் முழு உருவமும் ஒளிருது. கறுப்பே இல்லை.

`DPM++ 2M`: 10–20இல முகம், மடிப்பு, விளக்கு எல்லாம் ஒளிருது. 20–40இல தலைமயிர், விரல், கரை மட்டும். 40–80 கிட்டத்தட்டக் கறுப்பு, கரையில மட்டும் ஒரு மெல்லிசுக் கோடு. ஆனா ஒரு புதினம்: 20இல காதில ஜிமிக்கி இருந்தது, 40இல காணேல்ல. 80இலயும் இல்லை. எனக்கு 20தான் பிடிச்சிருக்கு.

கரை 80இலயும் அதே கிறுக்கல். கிறுக்கலின்ட விளிம்பு மட்டும் கூர்மையாயிட்டு.

நிஷா (வெள்ளவத்தை)

ஜிமிக்கி நல்ல உதாரணம். காதில நகை வரலாம், வராமலும் விடலாம் எண்டு மொடல் ரெண்டு பக்கமும் சமனா நிண்ட இடம் அது. அப்பிடியான இடத்தில சின்னப் பிழை கூட ஒரு பக்கம் தள்ளிப்போடும். 40 இன்னும் சரியான விடை, ஆனா 20 உங்களுக்குப் பிடிச்ச விடை. 20ஐ எடுங்கோ. கூடின ஸ்டெப் பிழையைத்தான் குறைக்கும். உங்கட ரசனை அதுக்குத் தெரியாது.

இனி ரெண்டாவது பிரச்சினை. கரைக்கு ஸ்டெப்பே மருந்தில்லை. கணக்குப் பாருங்கோ. 1216 உயரப் படத்தில உங்கட பொம்பிளை சுமார் 1000 பிக்சல் உயரம் எண்டு வைப்பம். அஞ்சடி நாலங்குலம் எண்டா 64 அங்குலம். அப்ப ஒரு அங்குலத்துக்கு 15, 16 பிக்சல். மூண்டு அங்குலக் கரை 47 பிக்சல். அதுக்குள்ள ஒன்றரை அங்குல மயில் 23 பிக்சல். மயிலின்ட கழுத்தில ஓடுற சரிகை நூல் ஒரு பிக்சலும் வராது.

இதுக்கு மேல இன்னொண்டு. மொடல் வேலை செய்யிறது பிக்சலில இல்லை. 8×8 பிக்சல் சதுரம் ஒண்டு அங்க ஒரு கட்டம். அந்தச் சதுரத்தில 192 எண் இருக்கு, 64 பிக்சலுக்கும் மூண்டு நிறமாய். SDXLஇல அது 4 எண்ணாச் சுருங்கி நிக்கும். கடைசியா VAE அதை விரிச்சுப் பிக்சலாக்கும். உங்கட மயிலுக்கு மூண்டு கட்டம் அகலம், மூண்டு கட்டம் உயரம். ஒன்பது கட்டத்துக்குள்ள கொண்டை, கழுத்து, தோகை எல்லாம் அடங்கோணும். 150 இல்லை, 1000 ஸ்டெப் போட்டாலும் ஒன்பது கட்டம் ஒன்பது கட்டம்தான்.

நம்பிக்கை இல்லாட்டிச் சோதிக்கலாம். உண்மையான சாறி கட்டினபடி எடுத்த போட்டோ ஒண்டை 832×1216க்குச் சுருக்குங்கோ. ComfyUIஇல `Load Image` → `VAE Encode` → `VAE Decode` → `Save Image`. `VAE Encode`, `VAE Decode` ரெண்டுக்கும் `Load Checkpoint`இன்ட VAEஐக் குடுங்கோ. இதில சாம்ப்ளரே இல்லை, ஸ்டெப்பும் இல்லை. அதிலயும் கரை குழம்பி வந்தா, அதுதான் எல்லை. படத்தை உருவாக்கேக்க அதை விட நல்லா வரும் எண்டு எதிர்பாக்க ஏலாது.

கொட்டாஞ்சேனைக்காரன்

கடைக்காரர் தந்த போட்டோவிலயே செய்து பாத்தன். சுருக்கினதிலயே மயில் மங்கலாத்தான் இருந்தது. உள்ள போய் வெளிய வந்ததில மயில் எண்டே சொல்ல ஏலாது. அப்ப சின்னனா ஒரு துண்டு வெட்டி அதையே 1024க்குப் பெரிசாக்கினா?

நிஷா (வெள்ளவத்தை)

அதேதான். `Inpaint`இல கரையில ஒரு சாண் நீளத்துக்கு மாஸ்க் போட்டு, `Inpaint area`வை `Only masked` ஆக்கி, சைஸ் 1024×1024. அந்தத் துண்டை மட்டும் வெட்டிப் பெரிசாக்கி வரைஞ்சு, சுருக்கித் திரும்ப ஒட்டும். `Denoising strength` 0.5, ஸ்டெப் 30, அப்ப ஓடுறது 15 அளவில. அது போதும்.

ஆனா திரும்ப ஒட்டேக்க 23 பிக்சலுக்குச் சுருங்கிப்போடும், அதைக் கவனியுங்கோ. முதல் முழுப் படத்தையும் அப்ஸ்கேலரால மூண்டு, நாலு மடங்கு ஆக்கிப்போட்டு, பிறகு துண்டு துண்டாச் செய்யோணும். பனருக்கு எப்பிடியும் பெரிசாக்கத்தானே போறீங்கள்.

ரிஸ்வி நானா

பனர் எண்டா இன்னொரு விசயம். எட்டடி பனரை ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிண்டுதான் பாப்பாங்க. மயிலின்ட கழுத்தை எவன் எண்ணப் போறான்? கண்ணாடியில ஒட்டுற சின்ன போஸ்டருக்குத்தான் இந்தப் பாடு படோணும்.

கொட்டாஞ்சேனைக்காரன்

கடைக்காரர் எண்ணுவார் நானா. அவர்ட சாறியில பதினொரு மயில் இருக்காம், நான் அனுப்பின சாம்பிளில மயிலே இல்லை எண்டு வொய்ஸ் மெசேஜ் போட்டவர்.

தர்ஷி

விக்கிற சாறியின்ட கரையை மொடலிட்ட வரையச் சொல்லுறது சரியோ? வந்து வாங்கிறவை அந்தக் கரையைத்தானே கேப்பினம்.

நிஷா (வெள்ளவத்தை)

நான் அந்த இடத்தில எண்டா ஆளை மட்டும் மொடலிட்ட எடுத்து, கரையை உண்மையான சாறியின்ட போட்டோவில இருந்து ஒட்டுவன். மடிப்போட வளைச்சு ஒட்டுறது அரை நாள் வேலை. மயில் பதினொண்டும் சரியா இருக்கும், தர்ஷியின்ட கேள்விக்கும் இடமில்லை.

ஹட்டன் செல்வா

ஒரு டவுட்டு. என்கிட்ட Lightning மொடல் இருக்கு, 4 ஸ்டெப் ஃபைல். அதுல 30 வச்சா இன்னும் நல்லா வரணும்ல? கலர் எல்லாம் கருகிப் போயிருதுங்க, மொகம் பிளாஸ்டிக் மாதிரி.

நிஷா (வெள்ளவத்தை)

அது வேற சாதி செல்வா. நான் மேல சொன்ன பாதைக் கதை அதுக்குப் பொருந்தாது. நாலே எட்டில தாவிப் போகச் சொல்லி அதைப் பழக்கி இருக்கு. சின்ன எட்டு அதுக்குப் பழக்கமே இல்லை. 30 தரம் கேட்டா 30 தரமும் பெரிய தாவலுக்கான பதிலைத்தான் தரும். 4இலயே விடுங்கோ, `CFG Scale` 1, ஷெடியூலர் `sgm_uniform`. 8 வேணுமெண்டா 8 ஸ்டெப்புக்கெண்டு தனி ஃபைல் இருக்கு.

ஹட்டன் செல்வா

CFG 7ல வச்சிருந்தேன். 1 வச்சதும் கருகல் போயிருச்சுங்க. நன்றி.

மௌனசாட்சி

தோல் விஷயம் இன்னும் நிற்கிறது. நேற்றிரவு `Euler a` 28, `DPM++ 2M` 28 இரண்டையும் பல சீட்டில் ஓட்டினேன். எனக்கு இன்னமும் `Euler a` முகங்கள்தான் உயிரோடு தெரிகின்றன.

நிஷா (வெள்ளவத்தை)

எது எந்தச் சாம்ப்ளர் எண்டு தெரிஞ்சுகொண்டு பாத்தனீங்களே? ஃபைல் பேரை மறைச்சு, வரிசையைக் குலைச்சு இங்க போடுங்கோ. நானும் ரிஸ்வி நானாவும் தெரிவு செய்யிறம். நான் நினைக்கிறது, மெழுகுத் தோலுக்குக் காரணம் `CFG Scale` 7. ரெண்டிலயும் 4.5 வைச்சு இன்னொரு செட்டும் சேருங்கோ.

மௌனசாட்சி

4.5இல் சாறியின் நிறம் வெளிறும். ஆனாலும் ஓட்டிப் பார்க்கிறேன். ஞாயிறு போடுகிறேன்.

ரிஸ்வி நானா

ஞாயிறு கடை பூட்டு. திங்கக்கிழமை போடுங்க, கடை மொனிட்டர்ல பார்த்துச் சொல்றேன். ஃபோன்ல எல்லா மூஞ்சியும் ஒண்டுதான்.